எந்தச் சிலம்பை உடைப்பது?

"உங்களுக்குச் சுகர் இருக்கா?" என்றுதான் அந்த விளம்பரத்தின் முதல் வரியை எழுதினேன். கருப்புக்கவுனி அரிசியை வறுத்து அரைத்த கஞ்சி மாவுக்கான விளம்பரம். மாவு என் அத்தையுடையது. காரைக்குடிக்குப் பக்கத்தில் அவருடைய வீட்டுப் பின்கட்டில் இரண்டு பெண்கள் துணையோடு வாரத்துக்கு 40 கிலோ வறுப்போம். மில்லில் கொடுத்து அரைத்து, சலித்து, அரைக் கிலோ பொட்டலமாகக் கட்டுவோம். விற்பது முழுக்க போனில்தான். ஆளைக் கொண்டுவந்து சேர்ப்பது விளம்பரம். நாளைக்கு 300 ரூபாய் விளம்பரத்துக்குப் போட்டால் பத்துப் பொட்டலம் போகும். எங்கள் வியாபாரம் அவ்வளவுதான்.

விளம்பரத்தை ஏற்றிய அரை மணி நேரத்தில் நிராகரிப்பு வந்தது. விதியின் பெயரும் ஒரு நீண்ட ஆங்கிலப் பக்கத்துக்கான இணைப்பும் இருந்தன. எந்த வரி தவறு, எந்தச் சொல் தவறு என்று இல்லை. பக்கத்தை இரண்டு முறை படித்தபின் ஓரளவு பிடிபட்டது. விளம்பரத்தைப் பார்ப்பவரின் நோய், கடன், மதம், சாதி போன்றவை விளம்பரம் கொடுத்தவருக்குத் தெரியும் என்று தோன்றும்படி எழுதக் கூடாதாம். "உங்களுக்கு" என்பதுதான் சிக்கல்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பஸ் ஸ்டாண்டில் தைலம் விற்பவர் வேறு எப்படிப் பேசுவார்? "மூட்டு வலியா? முதுகு வலியா? ராத்திரி தூக்கம் வரலையா?" என்று கேட்டுக்கொண்டேதானே பஸ்ஸுக்குள் ஏறுகிறார்? அவருக்கு நம் முதுகைப் பற்றி ஏதோ தெரியும் என்று யாராவது நினைக்கிறோமா? ஆனால் அவர் ஐம்பது பேரைப் பார்த்து ஒரே நேரத்தில் கேட்கிறார். அதே கேள்வி ராத்திரி பதினொரு மணிக்கு ஒருவருடைய போனில், நேற்றுத்தான் ரத்தப் பரிசோதனை முடிவு வாங்கிவந்தவருடைய போனில், அவருக்கு மட்டும் கேட்கப்பட்டால் அது வேறு கேள்வி. அந்த விதிக்குப் பின்னால் நியாயமான ஒரு காரணம் இருக்கிறது. இதை நானாக யோசித்துக் கண்டுபிடிக்க ஒரு வருடம் ஆயிற்று. அன்று யாரும் சொல்லவில்லை.

அன்று நான் செய்தது, "உங்களுக்கு" என்பதை எடுத்ததுதான். "சுகர் உள்ளவர்கள் தேடி வாங்கும் பாரம்பரியக் கஞ்சி" என்று மாற்றினேன். உடனே அனுமதி கிடைத்தது. பொட்டலத்தின் பின்பக்கம் "ரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும்" என்று அச்சடித்திருந்தோம். படத்தில் அது தெளிவாகத் தெரிந்தது. அதை எவரும் கேட்கவில்லை. நான் கற்றுக்கொண்ட முதல் பாடம் இது: சொல்லை மாற்று, போதும்.

நான்கு மாதம் நன்றாக ஓடியது. பிறகு பணத்தில் இடித்தது.

இந்த விளம்பரங்களில் முதலில் ஓட்டம், பிறகுதான் கட்டணம். செலவு ஒரு வரம்பைத் தொட்டதும், நாம் கொடுத்துவைத்த கார்டிலிருந்து தானாக எடுத்துக்கொள்வார்கள். இப்படித் தானாக எடுப்பதற்கு 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாடு இருக்கிறது. கார்டுக்காரர் ஒருமுறை ஓடிபி கொடுத்து ஒப்புதலைப் பதிவு செய்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறை எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே வங்கி தகவல் சொல்ல வேண்டும். கேட்காமல் பணம் போய்விடக் கூடாது என்று நமக்காகச் செய்த ஏற்பாடு. ஆனால் பழைய கார்டு காலாவதியாகிப் புதுக் கார்டு வந்தால் பழைய ஒப்புதல் தானாகக் கூடவே வந்துவிடும் என்று நம்ப முடியாது. அதோடு, 2020-இல் வந்த இன்னொரு உத்தரவின்படி, புதிதாகக் கொடுக்கும் கார்டு முதலில் ஏடிஎம்மிலும் கடையில் தேய்ப்பதற்கும் மட்டும்தான் வேலை செய்யும். ஆன்லைனில் பயன்படுத்த நாமேதான் அதைத் திறந்துவிட வேண்டும்.

எனக்கு இரண்டுமே தெரியாது. புதுக் கார்டு வந்த வாரம், 1,200 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்து 1,416 ரூபாய் நிலுவை என்று விளம்பரம் நின்றது. கார்டு எண்ணை அடித்தேன், தோல்வி. மறுபடி அடித்தேன், தோல்வி. பின்கட்டில் 60 கிலோ மாவு கட்டி வைத்திருந்தோம். தம்பியின் கார்டை வாங்கி அடித்தேன். அதுவும் போகவில்லை. பக்கத்து வீட்டு அக்காவின் கார்டில் போயிற்று. அப்போது மணி பதினொன்றரை. நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் பார்த்தால் கணக்கு முடக்கப்பட்டிருந்தது.

விளம்பரத் தொழிலையே பார்க்கும் ஒரு நண்பர் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "திருட்டு கார்டு நம்பர் வச்சிருக்கவன் என்ன செய்வான்? சின்னக் கணக்கு ஒண்ணுல, நடுராத்திரில, வேற வேற பேர்ல இருக்கற கார்டை ஒண்ணொண்ணாப் போட்டுப் பார்ப்பான். நீ செஞ்சது அதேதான்." இரண்டாவது தோல்வியிலேயே நிறுத்தி வங்கிக்குப் போன் செய்திருக்க வேண்டும் என்றார். அல்லது கார்டையே விட்டுவிட்டு, முன்கூட்டியே பணம் போட்டுவைக்கும் முறைக்கு மாறி யுபிஐயில் கட்டியிருக்கலாம். "இதுதான் காரணம்னு உறுதியாத் தெரியுமா?" என்று கேட்டேன். "அவங்க சொன்னாத்தானே தெரியும்? இது என் ஊகம்," என்றார்.

அந்த அறிவிப்பில் இருந்தது ஒரே ஒரு வரி. எங்கள் விதிகளுக்கு மாறான செயல்பாடு காணப்பட்டது. கீழே, மறுபரிசீலனை கோருவதற்கு ஒரு பொத்தான்.

அதை அழுத்தினேன். அடையாள அட்டை கேட்டார்கள். என் கணக்கில் என் பெயர் மட்டும்தான் உண்டு. பான் கார்டில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால் ஒட்டியிருக்கும். வங்கிக் கார்டில் அது வெறும் இனிஷியலாக முன்னால் வந்து நிற்கும். குடும்பப் பெயர் என்ற ஒன்றே இல்லாத ஊரில் பிறந்தவளுக்கு மூன்று இடத்தில் மூன்று பெயர். இரண்டு நாள் கழித்து, முடிவில் மாற்றமில்லை, இனி மேல்முறையீடு இல்லை என்று வந்தது. பெயர்தான் காரணமா, கார்டுதான் காரணமா, அல்லது நான்கு மாதத்துக்கு முந்தைய அந்தச் "சுகர்" வரியா, இன்றுவரை தெரியாது.

அடுத்து நான் செய்ததை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. தம்பி கல்யாண போட்டோ எடுப்பவன். அவனுக்கென்று ஒரு பக்கம், ஒரு விளம்பரக் கணக்கு, மூன்று வருட உழைப்பு. "உன் கணக்குல நம்ம மாவு விளம்பரத்தை ஒரு வாரம் ஓட்டிக்கவாடா?" என்று கேட்டேன். "ஓட்டிக்கக்கா, இதுல என்ன," என்றான். என் போனிலிருந்தே நுழைந்தேன். மூன்றாம் நாள் அவனுடைய கணக்கும் போயிற்று. முடக்கப்பட்ட ஆள் வேறு வாசல் வழியாக வருவதைத் தடுக்கவும் ஒரு விதி உண்டு. அதே போன், அதே மாவு, அதே படம். இதில் மட்டும் காரணம் எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. முகூர்த்த மாதம் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பு தம்பி தன் கடைவாசலை இழந்தான். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை.

அந்த நாட்களில் எனக்குச் சிலப்பதிகாரம் அடிக்கடி நினைவுக்கு வந்தது. பள்ளியில் படித்தது முதல் நமக்கெல்லாம் பாண்டியன்தான் அநீதியின் உருவம். பொற்கொல்லன் சொன்னதை நம்பி, விசாரிக்காமல் ஒருவனைக் கொல்லச் சொன்னவன். ஆனால் அந்தக் கதையை வேறு ஒரு பக்கத்திலிருந்து பார்க்கத் தொடங்கினேன். கோவலன் மேல் ஒரு குற்றச்சாட்டு இருந்தது. அரசியின் சிலம்பைத் திருடினான் என்பது அது. பொய்தான். ஆனாலும் அது ஒரு குறிப்பிட்ட பொய். அதனால்தான் கண்ணகியால் அதை மறுக்க முடிந்தது. அரசியின் சிலம்புக்குள் முத்து, என் சிலம்புக்குள் மாணிக்கம் என்று உடைத்துக் காட்ட முடிந்தது. அதைப் பார்த்த மன்னன் உயிரை விட்டான்.

"உன் கணவன் எங்கள் விதிகளுக்கு மாறாக நடந்துகொண்டான்" என்று மட்டும் பாண்டியன் சொல்லியிருந்தால் கண்ணகி எந்தச் சிலம்பை உடைத்திருப்பாள்?

தவறான தீர்ப்பைவிட மோசமான ஒன்று உண்டு என்று அப்போது நினைத்தேன். குற்றம் இன்னதென்று சொல்லாத தீர்ப்பு. தவறான தீர்ப்பை மறுக்கலாம். இதை மறுப்பதற்குப் பிடி எதுவுமில்லை. நிரபராதியிடமிருந்து அவனுடைய நிரபராதித்தனத்தையே அது பறித்துவிடுகிறது. இப்படியெல்லாம் சொற்களை அடுக்கி, குறைதீர்க்கும் அதிகாரிக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். 2021-இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி இந்தியாவில் இயங்கும் இப்படிப்பட்ட நிறுவனங்களில் அப்படி ஓர் அதிகாரி இருந்தாக வேண்டும். அவர் பதிலில் திருப்தி இல்லையென்றால் முறையிட 2023-இல் அரசு மேல்முறையீட்டுக் குழுக்களையும் அமைத்தது. கடிதத்தில் "நாங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை" என்ற வரியை எழுதி முடித்த அன்று மத்தியானம்தான் சேலத்திலிருந்து அந்தப் பெரியவர் கூப்பிட்டார்.

"அம்மா, உங்க கஞ்சி மாவு மூணு மாசமாக் குடிக்கிறேன். நல்லாருக்கு. ஒரு சந்தேகம். மாத்திரையை நிறுத்திட்டுக் கஞ்சி மட்டும் குடிச்சேன். இப்பப் பார்த்தா 340ன்னு காட்டுது. ஒருவேளை நான் குடிக்கிற அளவு பத்தலையோ? ரெண்டு வேளை குடிக்கணுமா?"

அவர் சண்டைக்கு வரவில்லை. அளவு கேட்டார். மருத்துவரிடம் கேட்பதுபோலக் கேட்டார்.

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். மாவைச் சலித்துக்கொண்டிருந்த அத்தை சல்லடையைக் கீழே வைத்துவிட்டுப் போனை வாங்கிக்கொண்டார். "ஐயா, இது மருந்தில்ல. வெறும் அரிசிக் கஞ்சி. அரிசின்னா சுகர் ஏறத்தான் செய்யும். இன்னைக்கே டாக்டரைப் பாருங்க, மாத்திரையை விட்டுடாதீங்க," என்றார். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏன்டி, அரிசியை மாவாக்கிக் கஞ்சி வச்சா இன்னும் சீக்கிரமாத்தான் செரிக்கும்னு எனக்கே தெரியும். பொட்டலத்துல என்னத்தை எழுதி வச்சிருக்க?"

எல்லாரும் எழுதுகிறார்களே என்று எழுதியதுதான். ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்தவர்களின் பொட்டலத்தைப் பார்த்து எழுதியது. பிறகுதான் தேடிப் படித்தேன். இன்ன நோயை இது தீர்க்கும் என்று விளம்பரம் செய்யக் கூடாது என 1954-லேயே ஒரு மத்தியச் சட்டம் வந்திருக்கிறது. அதன் அட்டவணையிலுள்ள நோய்களில் நீரிழிவும் ஒன்று. உணவுப் பொருள்கள் நோயைத் தடுக்கும், தீர்க்கும் என்று சொல்லிக்கொள்வதைக் கட்டுப்படுத்த 2018-இல் தனி ஒழுங்குமுறையும் வந்தது. அதாவது, நான் உண்மையிலேயே குற்றவாளி. ஆனால் பிடிபட்டது அதற்காக அல்ல.

இங்கேதான் என் பழைய கோபம் தலைகீழாகத் திரும்பியது. காரணம் சொல்லாத தண்டனை நிரபராதிக்கு இழைக்கும் அநீதி என்றுதானே எழுதிக்கொண்டிருந்தேன்? அது குற்றவாளிக்கும் ஓர் அநீதி. என் முதல் விளம்பரத்தை நிராகரித்தபோதே, "இதைக் குடித்தால் சர்க்கரை கட்டுப்படும் என்கிறீர்கள், இதை நம்பி ஒருவர் மாத்திரையை விட்டுவிடக்கூடும்" என்று யாராவது ஒருவர் சொல்லியிருந்தால்? கோபப்பட்டிருப்பேன், வாதாடியிருப்பேன். ஆனால் அந்த வரி மனதில் ஒரு முள்ளாகவாவது கிடந்திருக்கும். எனக்குக் கிடைத்ததோ ஒரு சொல் விளையாட்டு. "உங்களுக்கு" என்பதை எடுத்ததும் கதவு திறந்தது. கதவு திறந்தால் தவறு தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன். தண்டனை எதற்கு என்று தெரியாதவள் திருந்துவதற்கு எதை வைத்துத் திருந்துவாள்? அடுத்த முறை எப்படிப் பிடிபடாமல் இருப்பது என்பதைத்தான் கற்பாள். நான் தம்பியின் கணக்குக்குள் நுழைந்தது அப்படிக் கற்ற பாடம்தான்.

இதற்கு எதிர்வாதம் ஒன்று இருக்கிறது. அதைத் தள்ளிவிட்டுப் போக முடியாது, ஏனென்றால் அதற்குச் சாட்சியே நான்தான். காரணத்தைச் சொன்னால் மோசடிக்காரன் அதைப் படித்துத் தப்பித்துக்கொள்வான் என்கிறார்கள். உண்மை. எனக்கு ஒரு விதியின் பெயரைத்தான் கொடுத்தார்கள். அதை வைத்தே நான் ஒரு சொல்லை உருவிவிட்டு உள்ளே போனேன். கார்டு திருடுபவனிடம், "மூன்று கார்டு போட்டதால் பிடித்தோம்" என்று சொன்னால் அடுத்த தடவை அவன் இரண்டோடு நிறுத்துவான்.

ரொம்ப நாள் இதற்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை. இப்போது இப்படித் தோன்றுகிறது. "எதற்காக" என்பதும் "எப்படிப் பிடித்தோம்" என்பதும் வேறு வேறு. திருடனைப் பிடித்த போலீஸ், துப்பு கொடுத்தது யார் என்று அவனிடம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இன்ன நாளில் இன்னாருடைய வீட்டில் இன்னதைத் திருடினாய் என்று சொல்லியே ஆக வேண்டும். "உங்கள் கணக்கில் வேறொருவருடைய கார்டைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள், அவருடைய ஒப்புதலைக் காட்டுங்கள்" என்று எனக்குச் சொல்லியிருக்கலாம். எத்தனை கார்டு, எத்தனை மணி, எந்தக் கணக்கு வைத்துக் கண்டுபிடித்தார்கள் என்பதை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். பக்கத்து வீட்டு அக்காவை அழைத்துவந்து நிறுத்தியிருப்பேன். என் சிலம்பு அவர்தான்.

இது நடக்க முடியாத ஆசையும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 பிப்ரவரி முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த டிஜிட்டல் சேவைகள் சட்டம், ஒரு கணக்கை முடக்கினால் எந்தச் செய்திகளின் அடிப்படையில், எந்த விதியின் கீழ் என்று குறிப்பாகவும் தெளிவாகவும் எழுதித் தர வேண்டும் என்கிறது. மொத்த மொத்தமாகக் கொட்டப்படும் ஏமாற்று வணிகப் பதிவுகளுக்கு அதில் விலக்கும் வைத்திருக்கிறார்கள். அதாவது மோசடிக்காரனைக் காரணம் காட்டி எல்லாரிடமும் வாய்மூடி இருக்க முடியாது என்று ஒரு சட்டம் யோசித்திருக்கிறது. கோடிக்கணக்கான விளம்பரங்களைப் பார்க்க மனிதர்களால் ஆகாது, முதல் பார்வை இயந்திரத்துடையதாகத்தான் இருக்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவது பார்வைக்காவது, கேட்பவளுக்குப் புரிகிற மொழியில் ஒரு வாக்கியம் எழுதும் ஆள் வேண்டும். அந்த வாக்கியத்தை எழுத உட்காரும்போதுதான் அவருக்கே சந்தேகம் வரும், தாம் செய்வது சரியா என்று. பொற்கொல்லன் சொன்னதைப் பாண்டியன் ஓலையில் எழுதிப் பார்த்திருந்தால்கூடக் கோவலன் பிழைத்திருக்கலாம்.

குறைதீர்க்கும் அதிகாரிக்கு எழுதிய கடிதத்தில் அந்த வரியை அடித்துவிட்டேன். "நாங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை" என்பதற்குப் பதிலாக, "எங்கள் பொட்டலத்தில் இருந்த வாசகம் தவறு, எடுத்துவிட்டோம். கார்டுகள் எங்களுக்குத் தெரிந்தவர்களுடையவை. தம்பியின் கணக்கில் அவன் மேல் தவறில்லை, நுழைந்தது நான்" என்று எழுதி அனுப்பினேன். தம்பியின் கணக்கு ஏழு வாரத்தில் திரும்பி வந்தது. முகூர்த்தம் அதற்குள் பாதி முடிந்திருந்தது. ஏன் திருப்பிக் கொடுத்தார்கள் என்று அதிலும் காரணம் இல்லை. என் கணக்கு வரவில்லை.

அத்தை விடவில்லை. கூரியர் நோட்டில் இருந்த எண்கள் எல்லாவற்றுக்கும் கூப்பிடச் சொன்னார். நானூறுக்கும் மேல். நானும் அவருமாக மாறிமாறிப் பதினொரு நாள் பேசினோம். இது மருந்தில்லை, மாத்திரையை நிறுத்தாதீர்கள், பின்பக்கம் எழுதியிருந்தது எங்கள் தவறு. சிலர் பாதியிலேயே வைத்துவிட்டார்கள். சிலர் பணம் திருப்பிக் கேட்டார்கள், கொடுத்தோம். திருச்சியில் ஒரு அம்மா, "சரி, அதுக்கு இப்ப ஏன் நீங்களே கூப்பிட்டுச் சொல்றீங்க?" என்று சந்தேகத்தோடு கேட்டார்.

அத்தை அவருக்குச் சேலத்துப் பெரியவரைப் பற்றி முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.